பட்டினிக்குக் காவல்

பசித்தவருக்குச் சோறு போடாமல் இருப்பது நம் ஊரில் பாவம். அவர் நோயாளி என்றால் இன்னும் பெரிய பாவம். ஆனால் மருத்துவமனையில் ஒரு பரிசோதனை இருக்கிறது. அதில் நோயாளியை வேண்டுமென்றே பட்டினி போட்டு, அவருக்குத் தடுமாற்றம் வருகிறதா என்று பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். வார்டில் நாங்கள் இதை ‘செவன்டி டூ அவர்ஸ் ஃபாஸ்ட்’ என்போம். அதிகபட்சம் 72 மணி நேரம் நீளும் பட்டினி அது. செவிலியராக இருந்த காலத்தில் இந்தப் பட்டினிக்குப் பலமுறை காவல் இருந்திருக்கிறேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் இந்த வயதிலும், அன்பு எப்போது கையை நீட்ட வேண்டும், எப்போது கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்ற கேள்வி வரும்போதெல்லாம் அந்த வார்டுதான் நினைவுக்கு வருகிறது.

சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் காரணம் தேடிப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. மாத்திரை கூடியிருக்கும், இன்சுலின் கூடியிருக்கும், அல்லது சாப்பாடு தள்ளிப் போயிருக்கும். சர்க்கரை நோயே இல்லாதவருக்கு உண்மையிலேயே சர்க்கரை தாழ்வது அரிது. அப்படித் தாழ்ந்தால் அதற்குக் கட்டாயம் ஒரு காரணம் உண்டு. அதைக் கண்டுபிடிக்காமல் ‘சத்தாகச் சாப்பிடுங்கள், அடிக்கடி சாப்பிடுங்கள்’ என்று அனுப்பிவிடக் கூடாது.

நான் பார்த்துக்கொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், விசைத்தறிக் குடும்பத்துப் பெண். பெயர் வேண்டாம், அந்த அம்மா என்றே சொல்கிறேன். இரண்டு வருடமாக விடியற்காலையில் அவரை எழுப்புவது பெரும்பாடு. எழுந்தாலும் பார்வை எங்கோ நிற்கும், பேச்சு குழறும், பெற்ற மகளையே யார் என்று கேட்பார். சர்க்கரை போட்ட காபியை எப்படியாவது புகட்டிவிட்டால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடுவார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவிருக்காது. சஷ்டி விரதம் இருந்த ஒரு நாள் கோயிலிலேயே நிலை தடுமாறி விழுந்தார். சாமி வந்திருக்கிறது என்று சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். பிறகு வலிப்பு என்று ஒரு மருத்துவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் காலைத் தடுமாற்றம் நிற்கவில்லை. இதற்கிடையில் அவருக்கு எடையும் கூடிக்கொண்டே போனது. ராத்திரி எழுந்து ஏதாவது சாப்பிட்டால் காலை நன்றாக விடிகிறது என்று உடம்பே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த ஓர் இளம் மருத்துவர், அவர் குழறிக்கொண்டிருக்கும்போதே விரலில் குத்திப் பார்த்தார். 43 என்று காட்டியது. குளுக்கோஸ் ஏற்றியதும் அம்மா எழுந்து உட்கார்ந்து, ‘எங்கே இருக்கேன்?’ என்று கேட்டிருக்கிறார். இந்த மூன்றும் சேர்ந்து நடந்ததுதான் முக்கியம். அறிகுறி இருக்க வேண்டும், அந்த நேரத்தில் ரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும், சர்க்கரையை உயர்த்தியதும் அறிகுறி விலக வேண்டும். நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930-களில் வகுத்த விதி இது. இன்றும் மருத்துவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். நமக்கு வரும் தலைச்சுற்றல், படபடப்பு எல்லாவற்றையும் ‘லோ சுகர்’ என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த மூன்றும் சேராவிட்டால் அது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று.

அந்த இளம் மருத்துவர் விரலில் குத்தியதோடு நிற்காமல், கை நரம்பிலிருந்து ரத்தமும் எடுத்து வைத்திருந்தால் பட்டினியே தேவைப்பட்டிருக்காது. தானாகச் சர்க்கரை தாழும் நேரத்தில் எடுத்த ரத்தத்தில் இன்சுலினையும் அதன் கூட்டாளிகளையும் அளந்துவிட்டால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அப்படி ஒரு தருணம் நம் கைக்குத் தானாக அகப்படாதபோது, அதை வரவழைக்கத்தான் பட்டினி போடுகிறோம்.

பட்டினிக்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. அந்த அம்மாவின் மாமியாருக்குச் சர்க்கரை நோய். இரண்டு பேருடைய மாத்திரைகளும் ஒரே டப்பாவில் இருந்தன. வீட்டிலிருந்து கொண்டுவந்த பையைக் கவிழ்த்து ஒவ்வொரு அட்டையாகப் பெயர் படித்துப் பார்த்தோம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி ஒரு மாத்திரை தவறுதலாக உள்ளே போனாலே போதும், கணையம் தூண்டப்பட்டு இன்சுலினைக் கொட்டும். மருந்துக் கடையில் அட்டை மாறிப்போவதும் உண்டு. நரம்புக்கு என்று கொடுக்கும் மாத்திரைகளில் ஆல்பா லிபோயிக் ஆசிட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிலருக்கு அது, உடம்பு தன் இன்சுலினுக்கே எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும்படி செய்துவிடும். அந்த எதிர்ப்புப் பொருள் இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொண்டு நேரங்கெட்ட நேரத்தில் விடும், சர்க்கரை தாழும். 1970-ல் ஜப்பானில் ஹிராட்டா என்ற மருத்துவர் இந்த நோயை விவரித்தார். அந்த அம்மாவின் பையில் அவருக்கு உரியவை வலிப்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும்தான். அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று கார்டிசாலும் பார்த்தாயிற்று. அந்தச் சுரப்பி பழுதென்றால் சர்க்கரை தாழ அதுவே காரணமாக இருக்கலாம். அப்படிப்பட்டவரைப் பட்டினி போடுவது ஆபத்தும் கூட.

ராத்திரி எட்டரை மணிக்கு இட்லி சாப்பிட்டுக் கை கழுவினார். அந்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு. வார்டில் சேர்ந்த நேரம் கணக்கில் வராது, கடைசியாக உணவு உள்ளே போன நேரமே ஆரம்பம். அதன்பின் தண்ணீர் மட்டும். பால் இல்லாத, சர்க்கரை இல்லாத காபியும் கூடாது, காஃபீன் இருக்கிறது. கையில் ஊசிக்குழாய் போட்டு, அது அடைக்காமல் இருக்க வெறும் உப்புநீர் மட்டும் செலுத்தினோம். பழக்க தோஷத்தில் யாராவது டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலை மாட்டிவிட்டால் பரிசோதனை அங்கேயே முடிந்தது. அதனால் கட்டிலில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். அதே சமயம், எட்டும் தூரத்தில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் ஊசியும் தயாராக இருந்தன. விழித்திருக்கும் நேரத்தில் படுத்தே கிடக்கக் கூடாது. வார்டில் நடக்க வைத்தோம்.

ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம். சர்க்கரை 60-க்குக் கீழே போனால் ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை. விரலில் குத்தும் கருவி நமக்கு எச்சரிக்கை மணி மட்டும்தான். தாழ்ந்த அளவுகளில் அதன் சொல்லை நம்பி முடிவெடுக்க முடியாது. நரம்பு ரத்தத்தை ஃபுளோரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாயில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து மேஜையில் வைத்துவிட்டால், குழாய்க்குள்ளேயே ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று தீர்க்கும். ஒரு மணி நேரத்தில் 5 முதல் 7 சதவீதம் குறைந்துவிடும். உடம்பில் இல்லாத தாழ்சர்க்கரை தாளில் வந்து நிற்கும். இன்சுலினுக்கு எடுக்கும் ரத்தத்துக்கு வேறொரு பத்தியம். அவசரத்தில் இழுத்து ரத்த அணுக்கள் உடைந்துவிட்டால், அவற்றிலிருந்து வெளிவரும் பொருள் இன்சுலினைச் சிதைத்துவிடும். இருக்கும் இன்சுலின் இல்லாதது போலக் காட்டும். ஆகவே மெதுவாக எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, கையோடு கொண்டுபோய்ச் சுழற்றிப் பிரிக்க வேண்டும்.

நடுராத்திரி இரண்டரைக்கு 71. காலை எட்டரைக்கு 63. அன்று காலை அவர் தடுமாறவில்லை. வீட்டில் இரண்டு வருடம் பார்த்தது இங்கே வராமல் போனதில் கணவருக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறு பக்கம் குழப்பம். கணையக் கட்டி என்று நாங்கள் சந்தேகித்த இந்த நோயில் இன்சுலின் ஒரே சீராகச் சுரப்பதில்லை. அதனால் ஒரு காலை நல்லபடி விடிவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நல்ல உடம்பு பட்டினியில் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் நாங்கள் எதற்குக் காத்திருந்தோம் என்பது புரியும். சாப்பாடு நின்றதும் சர்க்கரை இறங்க ஆரம்பிக்கும். அது இறங்க இறங்க, கணையம் இன்சுலின் மடையை அடைத்துவிடும். இன்சுலின் குறைந்ததும் ஈரல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை வெளியே விடும். ஒரு நாள் வாக்கில் அந்தச் சேமிப்பு பெரும்பாலும் தீர்ந்துபோகும். பிறகு ஈரல் புதிதாகச் சர்க்கரை செய்யும். இன்னொரு பக்கம் கொழுப்பு கரைந்து கீட்டோன் உண்டாகும், மூளை அதையும் எரித்துப் பிழைத்துக்கொள்ளும். நம் பாட்டிமார்கள் ஏகாதசி முழுக்கப் பட்டினி கிடந்தும் மறுநாள் தெளிவாக எழுந்து வேலை செய்தது இதனால்தான். கணையத்தில் இன்சுலினோமா என்ற சின்னக் கட்டி இருப்பவருக்கு அந்த மடை அடைபடாது. சர்க்கரை எவ்வளவு இறங்கினாலும் கட்டி இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். இன்சுலின் இருக்கும்வரை ஈரல் சேமிப்பை விடாது, கொழுப்பும் கரையாது. மூளைக்குச் சர்க்கரையும் இல்லை, கீட்டோனும் இல்லை. அதனால்தான் மனிதர் குழறுகிறார்.

மதியம் இரண்டரைக்கு 58. அதிலிருந்து மணிக்கொருமுறை எடுத்தோம். மூன்றரைக்கு 54. கணவர் என் முகத்தைப் பார்த்து, ‘சிஸ்டர், 54 வந்திருச்சே, போதாதா? ரெண்டு பிஸ்கட்டாவது கொடுக்கலாமா?’ என்றார். அவர் கேட்டது நியாயம். ஆனால் எண் மட்டும் வைத்து முடிக்கக் கூடாத இடம் இது. நல்ல ஆரோக்கியமான பெண்களுக்கே, அதிலும் ஒல்லியானவர்களுக்கு, நீண்ட பட்டினியில் சர்க்கரை 50-க்குக் கீழே கூட இறங்கும். அவர்களுக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்காது, கீட்டோன் நிறைய இருக்கும். எண்ணைப் பார்த்துப் பயந்து சோறு போட்டுவிட்டால் நோயாளிக்கும் நோயில்லாதவருக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். மனிதரைப் பார்க்க வேண்டும். ‘அம்மா, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சுச் சொல்லுங்க’ என்றேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று தறிக்காரர் வீட்டுக் கணக்கில் சளைக்காமல் சொன்னார். ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் ஒரு தாளில் பெயரை எழுதச் சொன்னேன். எழுத்து நேராக இருந்தது.

நாலரைக்கு 51, ஐந்தரைக்கு 49. பதில்கள் சற்றுத் தாமதமாக வந்தன. ஆறு மணி தாண்டியதும் நெற்றியில் வேர்த்தது. நூறிலிருந்து ஏழு என்றதும் ‘தொண்ணூறு’ என்றார், பிறகு சிரித்தார். அது அவருடைய சிரிப்பு இல்லை. பேனாவைக் கொடுத்தேன், பெயரின் இரண்டாம் எழுத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு போனார். மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். கருவி 41 காட்டியது.

இந்த இடம்தான் கடினம். கையில் மருந்து இருக்கிறது, எதிரில் ஒரு மனுஷி தன்னை இழந்துகொண்டிருக்கிறாள். பார்க்கிற எவருக்கும் உடனே ஏற்றிவிடத்தான் கை துடிக்கும். ஆனால் முதலில் ரத்தம், பிறகுதான் சர்க்கரை. ஒரு சொட்டு டெக்ஸ்ட்ரோஸ் முன்னால் போய்விட்டால், கிட்டத்தட்ட ஒரு நாள் பசித்துக் கிடந்தது அத்தனையும் வீண். அந்த அம்மா இதையெல்லாம் இன்னொரு முறை அனுபவிக்க வேண்டியிருக்கும். ரத்தம் எடுக்க ஆகும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள்தான். குழாய்கள், பெயர்ச் சீட்டுகள், பனிக்கட்டி எல்லாம் காலையிலேயே வரிசையாக வைத்திருந்ததால் அந்த இரண்டு நிமிடத்தில் யாரும் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. வலிப்பு வந்திருந்தாலோ, எழுப்ப முடியாமல் போயிருந்தாலோ அந்தக் கணமே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியிருப்போம். பரிசோதனையைவிட ஆள் முக்கியம். மருத்துவர் பக்கத்திலேயே நின்றார்.

ரத்தம் எடுத்தபின் 1 மில்லிகிராம் குளுக்ககானை நரம்பில் செலுத்தி, 10, 20, 30 நிமிடங்களில் சர்க்கரை பார்த்தோம். பட்டினி தொடங்கி இருபத்திரண்டு மணி நேரம் ஆகப்போகிற அந்த நிலையில் ஈரல் சேமிப்பு ஏறக்குறைய தீர்ந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் சர்க்கரை அரை மணியில் 25 அல்லது அதற்கு மேல் கூடினால், இன்சுலின் அந்தச் சேமிப்பைப் பூட்டி வைத்திருந்தது என்று அர்த்தம். அந்த அம்மாவுக்கு 38-லிருந்து 84-க்கு ஏறியது. குளுக்ககான் எல்லா இடத்திலும் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காத இடத்தில் அந்தப் படியை விட்டுவிட்டு, ரத்தத்தில் உள்ள கீட்டோனை வைத்தே முடிவு செய்வார்கள். அரை மணி முடிந்ததும் குளுக்கோஸ் நீர் கொடுத்து, பிறகு ரசம் சாதம் கொடுத்தோம். மகள்தான் ஊட்டினாள்.

அறிக்கை வந்தது. ஆய்வகத்தில் சர்க்கரை 38. சர்க்கரை 55-க்குக் கீழே இருக்கும்போது இன்சுலின் 3 மைக்ரோ யூனிட்டைத் தொடக் கூடாது, அவருக்கு 11 இருந்தது. சி-பெப்டைடு 0.6 நானோகிராமுக்குள் இருக்க வேண்டும், 2.1 இருந்தது. பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற கீட்டோன், பட்டினி கிடந்த நல்ல உடம்பில் 2.7 மில்லிமோலைத் தாண்டிப் போகும். அவருக்கு வெறும் 0.3.

இதில் சி-பெப்டைடுக்குத் தனி மதிப்பு உண்டு. கணையம் இன்சுலினைச் செய்யும்போது முதலில் ஒரு பெரிய மூலக்கூறாகச் செய்து பிறகு இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு இன்சுலின், இன்னொன்று சி-பெப்டைடு. இரண்டும் சேர்ந்தே ரத்தத்துக்கு வரும். ஊசி மருந்தாக வரும் இன்சுலினில் இந்தத் துணை கிடையாது. ஆக, இன்சுலின் உயர்ந்து சி-பெப்டைடு தாழ்ந்திருந்தால், இன்சுலின் வெளியிலிருந்து போயிருக்கிறது. தானே குத்திக்கொள்பவர்கள் உண்டு, பிறர் குத்திவிட்டதும் உண்டு. அப்படித் தெரியவந்தால் அவரைக் குற்றவாளியைப் போல விசாரிக்கக் கூடாது. அவருக்குத் தேவை மனநல மருத்துவரின் நிதானமான உதவி. இரண்டும் உயர்ந்திருந்தால் கணையம்தான் சுரக்கிறது. அப்போதும் மாத்திரை தூண்டியதா, கட்டி சுரந்ததா என்று இந்த எண்களால் பிரிக்க முடியாது, இரண்டும் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். அதற்காகவே அதே ரத்தத்தில் சர்க்கரை மாத்திரைகளைத் தேடும் சோதனையும், இன்சுலின் எதிர்ப்புப் பொருளைத் தேடும் சோதனையும் செய்ய வேண்டும். சில நாள் கழித்து வந்த அந்த அறிக்கைகளில் இரண்டும் இல்லை என்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் ஸ்கேன். முதலிலேயே ஸ்கேன் எடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் நிறைய. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை 2 சென்டிமீட்டருக்கும் சிறியவை, ஸ்கேனுக்குத் தப்பிவிடும். கணையத்தில் வேறு ஏதாவது சின்ன முடிச்சு தெரிந்து, அதை அறுத்தெடுத்தும் சர்க்கரை தாழ்ந்துகொண்டே இருக்கலாம். நோய் இருக்கிறது என்பதை ரத்தம் உறுதி செய்த பிறகே அது எங்கே என்று தேட வேண்டும். என் அனுபவத்தில் இந்த வரிசையை மாற்றியவர்கள் நோயாளியை அலைக்கழித்ததைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவுக்கு சி.டி. ஸ்கேனில் தெளிவாகத் தெரியவில்லை. எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பைக்குள்ளிருந்து பார்க்கும் அல்ட்ராசவுண்டில், கணையத்தின் நடுப்பகுதியில் ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கட்டி தெரிந்தது. அதை மட்டும் குடைந்து எடுத்தார்கள். புற்று இல்லை. பத்தில் ஒன்பது இன்சுலினோமா அப்படிப்பட்டதுதான்.

இன்சுலின் 1921-ல் டொராண்டோவில் கண்டுபிடிக்கப்பட்டது. 1927-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்த ஒரு மருத்துவரின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது கணையக் கட்டி ஈரலுக்குப் பரவியிருந்தது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு வருடத்தில், 1929-ல், அதே டொராண்டோவில் ராஸ்கோ கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் ஒரு பெண்ணின் கட்டியை எடுத்துக் குணமாக்கினார். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ நான்கு பேருக்கு வரும் நோய் இது. அத்தனை அரிது என்பதால்தான் வலிப்பு, மனநோய், சாமி என்று வேறு பெயர்களில் வருடக்கணக்காக ஒளிந்துகொள்கிறது.

எல்லோருக்கும் ஒரு நாளில் விடை கிடைத்துவிடாது. இன்சுலினோமா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும், 48 மணிக்குள் பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடும். 72 மணி வரை போயும் எந்தத் தடுமாற்றமும் வராமல், கீட்டோன் உயர்ந்து நின்றால், அந்த நோய் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அது நோயாளிக்குப் பெரிய செய்தி, வீண் பட்டினி என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆனால் இந்தப் பரிசோதனைக்கு எட்டாத இடமும் உண்டு. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் மட்டும் தடுமாறுகிறவர்கள், எடை குறைக்க இரைப்பையில் அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரைப் பட்டினி போட்டால் எதுவும் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு வழக்கமாகச் சாப்பிடும் உணவைக் கொடுத்து, அதன்பின் ஐந்து மணி நேரம் ரத்தம் பார்க்க வேண்டும்.

அறுவை முடிந்த அந்த அம்மாவுக்குச் சில நாள் சர்க்கரை சற்று உயர்ந்தே இருந்தது. கட்டியின் ஆதிக்கத்தில் தூங்கிக் கிடந்த நல்ல செல்கள் விழிக்க அவ்வளவு நேரம் எடுக்கும். பிறகு சரியானது. வலிப்பு மாத்திரையை மருத்துவர் படிப்படியாக நிறுத்தினார்.

உங்கள் வீட்டில் யாராவது காலை வேளையிலோ விரத நாளிலோ இப்படிக் குழறி, இனிப்பு உள்ளே போனதும் தெளிகிறார் என்றால் நாள் கடத்தாதீர்கள். அந்த நேரத்தில் விரலில் குத்திப் பார்த்த எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். மருத்துவமனைக்கு அருகில் இருந்தால், சர்க்கரை ஏற்றும் முன் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வீட்டில் இருக்கும்போது நடந்தால் காத்திருக்க வேண்டாம். விழுங்க முடிகிறவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் உடனே கொடுங்கள், விழுங்க முடியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பட்டினி போட்டுப் பார்ப்பதை வீட்டில் ஒருபோதும் செய்யாதீர்கள். வார்டில் அந்தப் பட்டினி நடக்கும்போது துணைக்கு இருப்பவரானால், பிள்ளை அழுதாலும் தாய் கெஞ்சினாலும் முந்தானையில் மறைத்து ஒரு வாழைப்பழம் கூடக் கொடுக்காதீர்கள். மனசு தாங்கவில்லை என்றால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.